ஒற்றைக் கோடா, நாலைந்து கோடா, கோட்டோடு ஒரு நிறமா: சுவர்ப் படத்துக்கு எந்த ப்ராம்ப்ட்?

"சோபாவுக்கு மேலே மாட்ட ஒரு கோட்டோவியம் வேண்டும். கண்டின்யுவஸ் லைன் என்று கேட்கட்டுமா, மினிமலிஸ்ட் லைன் ஆர்ட் என்று கேட்கட்டுமா?" படம் உருவாக்கும் ஏஐ கருவியைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த இடத்தில் நிற்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து இரண்டு சொல்லையும் ஒரே ப்ராம்ப்ட்டில் போட்டுவிடுகிறார்கள். திரையில் அழகாகத்தான் வருகிறது. பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டி, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்ததும் கோடு காணாமல் போகிறது. இல்லையென்றால் வெள்ளை என்று நினைத்த பின்னணி மங்கலான சாம்பல் பெட்டியாகத் தெரிகிறது.

நான் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் இப்படிப் பல படங்கள் செய்து, பிரிண்ட் எடுத்து, பலவற்றைத் திரும்பச் செய்திருக்கிறேன். அதை வைத்து மூன்று வழிகளை இங்கே எடை போடுகிறேன்: கை எடுக்காமல் ஒரே கோட்டில் வரும் படம், நாலைந்து தனிக் கோடுகளில் வரும் படம், கோட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு நிறத்திட்டு வைத்த படம்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பீர்கள்? இதுதான் முதல் கேள்வி. நல்ல பார்வை உள்ள கண், 3 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் அளவுள்ள விவரத்தைத்தான் பிரித்துப் பார்க்கும். அதனால் ஒரு மில்லிமீட்டர் கோடு அங்கே முடிபோலத் தெரியும், சுவரில் ஒரு படமாக நிற்காது. 3 மீட்டருக்கு நான் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் கோடு வைக்கிறேன். படிக்கும் மேசைக்கு எதிரே ஒரு மீட்டரில் மாட்டுவதானால் ஒரு மில்லிமீட்டரே போதும். இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடத்தில், நடுவே விடும் இடைவெளி கோட்டின் கனத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு கறுப்புப் பட்டையாகிவிடும்.

வெற்றிடம் எங்கிருந்து வருகிறது? ப்ராம்ப்ட்டில் `negative space` என்று எழுதுவது எல்லோரும் செய்வது. ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கறுப்பு உருவத்துக்குள் வெள்ளையில் இன்னொரு உருவம் ஒளிந்திருக்கும் விளையாட்டையும் அப்படித்தான் சொல்வார்கள். கருவி அந்தப் பக்கம் சாய்ந்தால் கனமான கறுப்பு நிழலுருவம் வந்து நிற்கும். என் பழக்கம் வேறு. கருவியிடம் வெற்றிடமே கேட்பதில்லை. உருவம் படத்தை முழுக்க நிரப்பும்படி வாங்கி, பிறகு பெரிய வெள்ளைப் பக்கத்தில் சின்னதாக வைக்கிறேன். வெற்றிடம் எவ்வளவு என்பது என் கையில் இருக்கும், கருவி கொடுக்கும் பிக்சல் புள்ளிகளும் வெறும் வெள்ளைக்கு வீணாகாது.

பெரிதாக்கினால் தாங்குமா? 1,024 புள்ளி அகலப் படத்தை 42 சென்டிமீட்டர் அகலத்தில் அடித்தால் ஒரு அங்குலத்துக்கு 62 புள்ளிதான் கிடைக்கும். ஒளிப்படமாக இருந்தால் தூரத்தில் ஒருவிதமாகச் சமாளிக்கும். வெறும் கோட்டில் ஓரம் நைந்து தெரியும், ஏனென்றால் பார்ப்பதற்கு அந்த ஓரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே படத்தை, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் நையாத வெக்டர் கோடாக மாற்றும் வேலை எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சொன்னபடி வருகிறதா? இது ஒற்றைக் கோட்டுக்கு மட்டுமான கேள்வி. அதிகம் பேச வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

## ஒற்றைக் கோடு

படக் கருவிகளில் பெரும்பாலானவை பேனாவை நகர்த்தி வரைவதில்லை. இரைச்சல் புள்ளிகளிலிருந்து முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் தெளிவாக்கிக்கொண்டே வருகின்றன. ஒற்றைக் கோட்டு ஓவியம் *பார்க்க எப்படி இருக்கும்* என்று அவை கற்றிருக்கின்றன. கை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் `one continuous line` என்று எத்தனை முறை அழுத்தி எழுதினாலும் கிளை விட்ட கோடுகள், தொங்கும் நுனிகள், தனியாக ஒரு கண் புள்ளி என்று வந்துகொண்டேயிருக்கும்.

வந்த படம் உண்மையில் ஒரே கோடா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கணிதவியலாளர் ஆய்லர் 1736இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றி எழுதியதிலிருந்து வந்த விதி அது. படம் முழுவதும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோடு முடியும் நுனிகளையும், கோடுகள் சேரும் இடங்களையும் பாருங்கள். அங்கிருந்து எத்தனை கோடுகள் கிளம்புகின்றன என்று எண்ணுங்கள். நுனியில் ஒன்று, மூன்று வழி பிரியும் இடத்தில் மூன்று, குறுக்கே வெட்டும் இடத்தில் நான்கு. ஒற்றைப்படை எண் வரும் இடங்கள் மொத்தம் இரண்டு இருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். நான்கு வந்தாலே அது ஒரே கோடில்லை.

சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். கம்பி புள்ளிகளைச் சுற்றி வளைந்து தன்னையே வெட்டிக்கொண்டு போகும், எங்கும் நுனி தொங்காது. வெட்டுமிடங்களில் நேராகத்தான் போகும், சட்டென்று திரும்பாது. சுவர்ப் படத்துக்கும் இந்த இரண்டாவது குணம் முக்கியம். கணக்குப்படி ஒரே கோடாக இருந்தாலும், வெட்டுமிடத்தில் திரும்பினால் பார்க்கிற கண் தொடர்ந்து வராது. அதனால் எண்ணி முடித்ததும் ஒரு பென்சிலால் மேலேயே ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஒற்றைக் கோட்டில் சிக்கலான இடமே அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான். கொக்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தண்ணீர் மட்டமே இடப்பக்கம் கோடாக நுழைந்து, வலப்பக்கம் கோடாக வெளியேறிவிடும். மிட்ஜர்னியில் நான் கொடுத்த ப்ராம்ப்ட் இது:

```
one continuous black line drawing of an egret
standing in water, seen from the side, facing right,
the line enters from the left as the waterline,
rises as a leg, becomes body, neck and beak,
comes down as the other leg and leaves to the right,
even line weight, plain white background
--ar 3:2 --style raw --stylize 50
--no shading, fill, color, frame, text
```

வேண்டாதவற்றை `no shading` என்று வாக்கியத்துக்குள் எழுதாமல் `--no` என்பதற்குப் பின்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். வாக்கியத்துக்குள் எழுதினால் 'நிழல்' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு நிழல் போட்டுத் தந்துவிடும். `--stylize` எண்ணைக் குறைத்தால் கருவி தன் சொந்த அலங்காரத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வந்ததில் நன்றாக இருந்த படத்தை எண்ணினேன். தண்ணீர்க் கோட்டின் இரு நுனிகள், அது சரி. ஒவ்வொரு காலும் தண்ணீரைத் தொடுமிடத்தில் ஒரு மூவழிப் பிரிவு, ஒவ்வொரு காலும் வயிற்றைத் தொடுமிடத்தில் இன்னொன்று, ஆக நான்கு. சிறகு என்று உடம்பிலிருந்து கிளம்பிப் பாதியில் நின்ற ஒரு கோட்டுக்கு ஒரு பிரிவும் ஒரு நுனியும், இரண்டு. மொத்தம் எட்டு. இது போக, எதையும் தொடாத ஒரு கண் புள்ளி.

சரிசெய்ய மூன்று துண்டுகளை அழித்தால் போதுமாக இருந்தது: இரு கால்களுக்கு நடுவே ஓடிய தண்ணீர்த் துண்டு, இரு கால்களுக்கு நடுவே இருந்த வயிற்றுத் துண்டு, அந்தச் சிறகுக் கோடு. கண் புள்ளியையும் எடுத்துவிட்டேன். இப்போது பிரிவுகள் எல்லாம் வெறும் வளைவுகளாகிவிட்டன. மிச்சம் இரண்டு நுனிகள் மட்டும். தண்ணீராக வந்த கோடு இடக் காலாக ஏறி, வால், முதுகு, பின்கழுத்து, அலகு, முன்கழுத்து, நெஞ்சு என்று சுற்றி வலக் காலாக இறங்கித் தண்ணீராகவே வெளியே போகிறது. வயிறு கால்களுக்கு நடுவே திறந்திருக்கிறது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை, கண் தானாக மூடிக்கொள்கிறது.

அப்புறம் வெக்டர் வேலை. வெக்டர் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் `Path > Trace Bitmap` போய் `Centerline tracing` தேர்ந்தெடுத்தால், கோட்டின் நடுவே ஒரே பாதையாக எடுக்கும். சாதாரண முறையில் எடுத்தால் கோட்டின் இரு ஓரங்களும் தனித்தனியாக வரும், பிறகு கனத்தை மாற்ற முடியாது. நடுக்கோட்டு முறையிலும் வெட்டுமிடங்களில் பாதை துண்டு துண்டாகிவிடும், ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் படத்தை அடியில் வைத்துப் பேனாக் கருவியால் நாமே மேலே ஓட்டிவிடலாம் என்பது என் அனுபவம். கொக்குக்கு அரை மணி நேரம் ஆனது. கோடு என் கைக்கு வந்துவிட்டதால், இரு பக்க நுனிகளையும் இழுத்துத் தண்ணீரைப் பக்கத்தின் விளிம்புவரை நீட்டினேன். படத்தின் வெற்றிடம் முழுக்க அந்த ஒரு இழுப்பில் வந்ததுதான். கொக்கு வலப்பக்க மூலையில் சின்னதாக நிற்கிறது, இடப்பக்கம் நெடுகத் தண்ணீர்.

இதன் மறைமுகச் செலவு நேரம்தான். ப்ராம்ப்ட் ஒரு நிமிடம், எண்ணித் திருத்தி வரைய ஒரு மாலை. இரண்டு பேர் சேர்ந்த உருவம், சைக்கிள், விரித்த கைவிரல்கள் போன்றவற்றை எடுத்தால் ஒரு மாலையும் போதாது. இன்னொரு பொறி, பிக்காசோ பெயரைப் போடுவது. அவர் ஒரே கோட்டில் விலங்குகளை வரைந்தவர்தான். ஆனால் கருவிக்கு அந்தப் பெயர் என்றால் உடைந்த கனசதுர முகங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

கோட்டின் கனம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 1649இல் கிளோட் மெல்லான் என்ற பிரெஞ்சுக்காரர் கிறிஸ்துவின் முகத்தை மூக்கு நுனியில் தொடங்கிச் சுருளாகப் போகும் ஒரே கோட்டில் செதுக்கினார். நிழல் வேண்டிய இடத்தில் கோட்டைக் கனமாக்கினார், அவ்வளவுதான். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கும் சுவர் என்றால் இதை முயன்று பார்க்கலாம்.

ஒற்றைக் கோடு எப்போது சரி? பக்கவாட்டில் பார்த்தாலே அடையாளம் தெரிகிற ஒரு உருவம், பார்ப்பவர் கண்ணால் கோட்டைத் தொடர்ந்து போக நேரம் இருக்கிற இடம், உங்களுக்குத் திருத்தி வரையும் பொறுமை. மூன்றும் இருந்தால் இதைவிட நல்ல படம் இல்லை.

## நாலைந்து கோடுகள்

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். கோடு விட்டு விட்டு வரலாம் என்பதால் கருவி செய்யும் தவறுகள் தவறாகவே தெரிவதில்லை. கண் புள்ளி இருக்கட்டும், நுனி தொங்கட்டும். அதோடு, விடுபட்ட இடமெல்லாம் வெற்றிடமாகவே வேலை செய்கிறது. படுத்திருக்கும் பூனையின் முதுகு வளைவு ஒன்று, காதுகள், வால் என்று போட்டு வயிற்றுப் பக்கத்தை முழுக்க விட்டுவிட்டால், உருவத்துக்குள்ளேயே வெள்ளை புகுந்துவிடும்.

ப்ராம்ப்ட்டில் எண்ணிக்கையைச் சொல்லிப் பயனில்லை. `five lines` என்றால் ஐந்து வராது. எதை விட வேண்டும் என்று சொன்னால் ஓரளவு கேட்கும்:

```
sparse ink line drawing of a sleeping cat,
only the back, ears and tail are drawn,
the belly and paws left undrawn, open broken outline,
plain white background --ar 1:1 --style raw
--no shading, fill, color, frame, text
```

இங்கே ஒரு சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்: `wall art`. அதையோ `poster`, `home decor` என்பதையோ போட்டால், கருவி படத்தைத் தராமல் சட்டம் போட்டுச் சோபாவுக்கு மேலே மாட்டிய அறையின் படத்தைத் தரும். `minimalist` என்ற சொல்லும் தனியாக வராது, பழுப்பு வளைவுகளையும் உலர்ந்த புல்லையும் கூடவே இழுத்துவரும். எங்கே மாட்டப்போகிறோம் என்பது நமக்குத் தெரிந்தால் போதும்.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. முகம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே முகம் வரும்: நீளக் கழுத்து, மூடிய இமை, தடித்த உதடு, பக்கத்தில் ஒரு இலை. கடையில் விற்கும் நூறு படங்களில் ஒன்றாக அது ஆகிவிடும். உங்கள் வீட்டுப் பூனை, உங்கள் பாட்டி உட்காரும் விதம் என்று குறிப்பாக ஏதாவது இருந்தால், அந்த ஒளிப்படத்தையே கருவிக்கு மாதிரியாகக் கொடுங்கள்.

பின்னணியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை என்று வருவது பல சமயம் சுத்த வெள்ளையாக இருக்காது. நிறம் எடுக்கும் கருவியால் மூலையைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களும் 255 ஆக இல்லாவிட்டால் பிரிண்டில் லேசான சாயம் விழும். தாளின் ஓரம்வரை அடிக்காத அச்சில் அந்தச் சாயம் பெட்டியாகத் தெரியும். வெக்டராக்கினால் பின்னணியே இருக்காது, இந்தத் தொல்லையும் இல்லை.

## கோட்டோடு ஒரு நிறத்திட்டு

இது இரண்டாவது வழியின் மேல் ஒரு படி. கோட்டுக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு வட்டமோ, ஒழுங்கில்லாத திட்டோ இருக்கும். தூரத்துச் சுவருக்கு இது உதவும். 4, 5 மீட்டரில் கோடு மெலிந்தாலும் திட்டு கண்ணை இழுத்து நிறுத்தும்.

திட்டைக் கருவியிடம் கேட்காதீர்கள். கேட்டால் நீர்வண்ணக் கறை, தாளின் சொரசொரப்பு, தங்கத் தூள் என்று சேர்த்துக்கொண்டே போகும். கோட்டை மட்டும் வாங்கி, இங்க்ஸ்கேப்பில் அடியில் ஒரு வட்டத்தை நீங்களே வையுங்கள். உருவத்துக்குள் சரியாக நிரப்பாமல் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் கோடு கோடாக இருக்கும். சரியாக நிரப்பினால் குழந்தைகளின் வண்ணப் புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

செலவு நிறத்தில் இருக்கிறது. திரையில் பார்த்த செம்மண் பிரிண்டில் பழுப்பாக வரலாம், அதனால் சின்னத் தாளில் ஒன்று அடித்துப் பகலிலும் விளக்கிலும் சுவரோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேராக விழும் சுவரில் நிறம் வெளுக்கும். பிறகு மெத்தை உறையை மாற்றினாலும் படம் பொருந்தாமல் போகும். கறுப்புக் கோட்டுக்கு இந்தக் கவலை கிடையாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஒற்றைக் கோடு | நாலைந்து கோடுகள் | கோடு + நிறத்திட்டு |
|---|---|---|---|
| சொன்னபடி வருமா | அரிது, திருத்தியே ஆக வேண்டும் | பெரும்பாலும் வரும் | கோடு வரும், திட்டை நாமே வைக்க வேண்டும் |
| நம் கைவேலை | ஒரு மாலை | அரை மணிக்குள் | ஒரு மணி, சோதனைப் பிரிண்டும் சேர்த்து |
| பார்க்கும் தூரம் | 1 முதல் 3 மீட்டர் | 1 முதல் 3 மீட்டர் | 3 மீட்டருக்கு மேல் |
| வெற்றிடம் | கோட்டை நீட்டி உண்டாக்கலாம் | உருவத்துக்குள்ளேயே வரும் | திட்டு கொஞ்சம் தின்றுவிடும் |
| எங்கே சறுக்கும் | சிக்கலான உருவம் | முகம் | நிறம், வெயில் |

## சட்டமும் அளவும்

மூன்றுக்கும் பொதுவாக ஒரு செலவு இருக்கிறது: சட்டம். வெற்றிடம் அதிகம் என்றால் படம் பெரிது, படம் பெரிது என்றால் சட்டமும் கண்ணாடியும் பெரிது. காசு அங்கேதான் போகும். கறுப்புக் கோட்டுக்கு நான் கண்டுபிடித்த சிக்கன வழி, A4 தாளில் அடித்து, சுற்றிலும் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை மவுண்ட் போர்டு வைப்பது. வெற்றிடம் பிரிண்டிலிருந்து வராமல் போர்டிலிருந்து வரும், பிரிண்ட் சாதாரணக் கடையிலேயே முடியும். ஒன்றிரண்டு மீட்டரில் பார்க்கிற இடத்துக்கு இதுவே போதும். கொக்குத் தண்ணீர் மாதிரி கோடு விளிம்புவரை ஓடும் படத்துக்கு மட்டும் இது ஒத்துவராது, போர்டு தண்ணீரை வெட்டிவிடும். தாள் பளபளப்பில்லாத மேட் தாளாக இருக்கட்டும். பளபளப்புத் தாளில் காலியான வெள்ளைப் பரப்பு முழுக்க ஜன்னல் வெளிச்சம்தான் தெரியும்.

சோபாவுக்கு மேலே என்றால் படத்தின் அகலம் சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவாக ஒத்துவரும் அளவு. ஏழடிச் சோபாவுக்கு நாலரை அடிக்கு மேல் போகிறது. அவ்வளவு பெரிய ஒற்றைச் சட்டம் வேண்டாமென்றால், கொக்குப் படத்தையே மூன்று சட்டங்களாகப் பிரிக்கலாம். இரண்டில் வெறும் தண்ணீர்க் கோடு மட்டும் ஓடும், மூன்றாவதில் கொக்கு. மூன்றிலும் கோடு ஒரே உயரத்தில் வரவேண்டும் என்பதால் ஆணி அடிக்கும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். அரை சென்டிமீட்டர் தவறினாலும் தண்ணீர் படிக்கட்டாகிவிடும்.

பிரிண்ட்டுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. படம் வரப்போகும் அளவுக்கு வெள்ளைச் சார்ட் தாளை வெட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு உல்லன் நூலை உருவத்தின் முக்கிய வளைவு மட்டும் தெரிய டேப்பால் ஒட்டி, சுவரில் மாட்டுங்கள். இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும். காலையில் காபியோடு வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து நூல் தெரியவில்லை என்றால் கோட்டின் கனத்தைக் கூட்டுங்கள், அல்லது மூன்றாவது வழிக்குப் போங்கள்.